புகலிடக் கோரிக்கை: வாக்குமூலத்தை எழுதுவதும் ஆதாரம் சேர்ப்பதும்

புகலிடம் கேட்பவரின் காதில் முதலில் விழும் ஆலோசனை பெரும்பாலும் தெரிந்தவர் ஒருவர் சொல்வதாக இருக்கும்: "இப்படிச் சொன்னால்தான் கேஸ் நிற்கும்." தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். உங்களுக்கு நடந்ததை நடந்தபடி, சரியான வரிசையில், ஏன் நடந்தது என்ற காரணத்தோடு சொல்வதுதான் கேஸை நிலைநிறுத்தும். அதற்கு முன் தயாரிப்பு வேண்டும். எழுத்து வாக்குமூலத்தை எப்படித் தயாரிப்பது, அதற்குத் துணையாக என்னென்ன சேர்ப்பது என்பதை ஓர் உதாரணத்தின் வழியாகவே இங்கே விளக்குகிறேன். படிவங்களும் காலக்கெடுவும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் அதிகாரி தேடும் விஷயங்கள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஏனென்றால் பெரும்பாலான நாடுகளின் சட்டம் 1951 அகதிகள் உடன்படிக்கையையும் 1967 நெறிமுறையையும் அடிப்படையாகக் கொண்டது.

யார் அகதி?

உடன்படிக்கையின் வரையறையைப் பேச்சுத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர், திரும்பிப் போனால் கடுமையான துன்புறுத்தலுக்கு ஆளாவோம் என்று அஞ்சுகிறவர், அந்த அச்சத்துக்குத் தகுந்த அடிப்படை இருக்கிறது, துன்புறுத்தலுக்குக் காரணம் அவருடைய இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, அல்லது அவர் ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்தவர் என்பது, அவருடைய அரசாங்கம் அவரைக் காப்பாற்றாது, அல்லது காப்பாற்ற முடியாது.

இதில் இரண்டு இடங்களில்தான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது, கேள்வி எதிர்காலத்தைப் பற்றியது. முன்பு நடந்த கொடுமை மிக வலுவான சான்று என்பது உண்மைதான். ஆனாலும் அதிகாரி முடிவு செய்ய வேண்டியது "இவரைத் திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும்?" என்பதை. இதற்கு முன் ஒரு அடிகூடப் படாதவரும் அகதியாக முடியும். நிறைய அடி பட்டவர், நிலைமை மாறிவிட்டது என்ற காரணத்தால் மறுக்கப்படவும் கூடும். அந்த ஆபத்து நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987ல் கார்டோசா-ஃபொன்செகா வழக்கில், பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தால்கூட அச்சம் நியாயமானதாக இருக்கலாம் என்று விளக்கியது.

இரண்டாவது, அந்த ஐந்து காரணங்களில் ஒன்றோடு தொடர்பு இருக்க வேண்டும். வறுமை, வேலையின்மை, கடன், தனிப்பட்ட பகை, சாதாரணக் குற்றவாளிகளின் மிரட்டல் ஆகியவை மட்டும் இருந்தால் அகதி வரையறைக்குள் வராது. பொதுவான போரிலிருந்து தப்பி வந்தவருக்கும் சித்திரவதை ஆபத்து உள்ளவருக்கும் பல நாடுகளில் வேறு வகைப் பாதுகாப்பு உண்டு. அகதி அந்தஸ்தையும் அந்தப் பாதுகாப்பையும் சேர்த்தே கேட்கும்படி உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். மற்றவர்கள்மீது கொடூரமான குற்றங்களைச் செய்தவர்களுக்கு உடன்படிக்கை பாதுகாப்பு தராது. ஏதாவது ஆயுதக் குழுவோடோ, படையோடோ, காவல்துறையோடோ உங்களுக்குத் தொடர்பு இருந்திருந்தால், கட்டாயத்தின் பேரில் என்றாலும், ஒரு வரி எழுதும் முன்பே அதை வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.

ஓர் அச்சக உரிமையாளரின் வழக்கு

விளக்குவதற்காக நானே அமைத்த உதாரணம் இது. ஒருவர் சின்ன அச்சகம் நடத்துகிறார். எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. 2023 பிப்ரவரியில் எதிர்க்கட்சிக்காரர்கள் தேர்தல் துண்டறிக்கை அச்சடிக்க ஆர்டர் கொடுக்கிறார்கள். மார்ச் 9 இரவு போலீஸ் வந்து கணினியையும் துண்டறிக்கைக் கட்டுகளையும் எடுத்துக்கொண்டு அவரையும் கூட்டிப் போகிறது. இரண்டு இரவு வைத்து அடிக்கிறார்கள். மச்சான் பணம் கொடுத்த பிறகு 11ஆம் தேதி காலையில் விடுகிறார்கள். திங்கள்தோறும் வந்து கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். மூன்று வாரம் போகிறார். ஏப்ரல் 2 அன்று அவர் இல்லாத நேரத்தில் வீட்டுக்கு வந்து தேடுகிறார்கள். அன்றிரவே வேறு நகரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறார். அங்கேயும் சில வாரங்களில் அத்தானின் வேலை இடத்துக்கு உள்ளூர் போலீஸ் வந்து விசாரிக்கிறது. மே மாதம் நாட்டை விட்டு வெளியேறுகிறார்.

இவர் முதலில் எழுதிக் கொண்டுவந்தது இரண்டே வரி: "போலீஸார் என்னைப் பிடித்து அடித்துப் பணம் கேட்டார்கள். உயிருக்குப் பயந்து வந்துவிட்டேன்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படிக்கிற அதிகாரிக்கு இது லஞ்சம் பிடுங்கும் போலீஸின் கதை. ஐந்து காரணங்களில் எதுவும் இதில் தெரியவில்லை. அவர் சொல்லாமல் விட்டது என்ன என்று உட்கார்ந்து கேட்டால் வருகிறது: அடித்தபோது போலீஸ் கேட்டது "ஆர்டர் கொடுத்தது யார், வேறு யாருக்கெல்லாம் அடித்துக் கொடுத்தாய்?" என்று. "நீயும் அவர்கள் ஆள்தானே" என்று திட்டினார்கள். பணம் பேசியது கடைசியில்தான். "நான் கட்சிக்காரன் இல்லையே, அரசியல் என்று எப்படிச் சொல்வது?" என்று தயங்கித்தான் இதை விட்டிருக்கிறார். கொடுமை செய்கிறவர் உங்கள்மேல் ஓர் அரசியல் கருத்தை ஏற்றிப் பார்த்தாலே போதும்; அந்தக் கருத்து உங்களுக்கு உண்மையில் இருக்க வேண்டும் என்பதில்லை. எனவே, அடித்தவர்கள் என்ன வார்த்தை சொன்னார்கள், என்ன கேட்டார்கள் என்பது உங்கள் வாக்குமூலத்தின் மிக மதிப்புள்ள வரிகள். நினைவில் உள்ளவரை, உங்கள் மொழியில் சொன்னபடியே எழுதுங்கள்.

எழுதும் முறை

முதலில் பேனாவும் தாளும் எடுத்து ஒரு காலக்கோடு போடுங்கள். தேதி தெரிந்தால் தேதி, தெரியாவிட்டால் மாதம், அதுவும் தெரியாவிட்டால் "தேர்தலுக்கு முந்தைய வாரம்", "மகளுக்குப் பள்ளி திறந்த பிறகு" என்று ஏதாவது ஒரு நிகழ்ச்சியோடு கட்டுங்கள். வேறு நாட்காட்டியில் கணக்கு வைப்பவர் என்றால் அந்தத் தேதியையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். மாற்றும்போது ஏற்படும் தவறுதான் பிறகு முரண்பாடாகத் தெரியும். ஊகித்துத் துல்லியமான தேதி போடவே வேண்டாம். "மார்ச் மாத நடுவில் என்று நினைக்கிறேன்" என்று எழுதியவரை யாரும் பொய்யர் என்று சொல்ல முடியாது. "மார்ச் 14" என்று எழுதிவிட்டு, நேர்காணலில் 17 என்று சொல்பவருக்குத்தான் சிக்கல்.

அடுத்து, அந்தக் கோட்டில் மூன்று நான்கு முக்கிய நிகழ்ச்சிகளை மட்டும் எடுத்து விரிவாக எழுதுங்கள். நம் அச்சகக்காரர் கைதான இரவை இப்படி எழுதினார்:

"இரவு சுமார் பத்து மணி. ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். சீருடையில் மூன்று பேர், சாதாரண உடையில் ஒருவர். சீருடை இல்லாதவர்தான் பேசினார். துண்டறிக்கை ஒன்றை எடுத்து விளக்கின் அடியில் பிடித்துப் படித்துவிட்டு, 'இதற்குக் காசு யார் கொடுத்தது?' என்று கேட்டார். ஆர்டர் புத்தகத்தைக் காட்டினேன். அதை அவர் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அதை நான் பார்க்கவில்லை."

கவனியுங்கள்: அவர் பார்த்ததும் கேட்டதும் மட்டும் இருக்கிறது. "மனிதாபிமானமற்ற முறையில் கொடூரமாக" போன்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை. பாதி இறங்கிய ஷட்டரும் ஆர்டர் புத்தகமும் அங்கே இருந்தவருக்கு மட்டுமே தெரியும் விவரங்கள். இப்படிப்பட்டவற்றை வைத்துத்தான் அதிகாரி, இவர் தானே அனுபவித்ததைச் சொல்கிறார் என்று எடைபோடுகிறார். நீங்கள் நேரில் பார்க்காததை "மனைவி போனில் சொன்னார்" என்று தெளிவாகப் பிரித்து எழுதுங்கள். ஏப்ரல் 2 நிகழ்ச்சி நம்மவருக்கு அப்படித்தான் தெரியும்; அவர் வீட்டில் இல்லை.

அப்புறம், சங்கடமான கேள்விகளுக்கு நீங்களே முன்வந்து பதில் எழுதுங்கள். தேடப்படுகிறவர் என்றால் சொந்தப் பாஸ்போர்ட்டில் விமான நிலையத்தைத் தாண்டியது எப்படி? விடுதலையான பிறகு ஏன் இரண்டு மாதம் இருந்தீர்கள்? ஏன் வேறு ஊரில் போய் வாழ முடியாது? வழியில் வேறு நாட்டில் இறங்கினீர்களே, அங்கே ஏன் புகலிடம் கேட்கவில்லை? இந்த நான்கும் அநேகமாக எல்லா வழக்கிலும் வரும். நம்மவரின் பதில்கள் எளிமையானவை. அவர்மேல் வழக்குப் பதிவே இல்லை, பிடியாணையும் இல்லை, அதனால் விமான நிலையக் கணினியில் அவர் பெயர் இருக்க வாய்ப்பில்லை. கையெழுத்துப் போட்டு வந்தால் விட்டுவிடுவார்கள் என்று முதலில் நம்பினார். வீடு தேடி வந்த பிறகுதான் நம்பிக்கை போனது. வேறு ஊரில் வாழ்ந்து பார்த்தார், அங்கேயும் தேடி வந்தார்கள். இந்த மூன்றாவது பதிலுக்காகத்தான் அத்தானின் வேலை இடத்துக்குப் போலீஸ் போன விஷயத்துக்கு ஒரு முழுப் பத்தி தேவைப்படுகிறது. தன்னளவில் அது சின்ன நிகழ்ச்சி. ஆனால் "நாட்டுக்குள்ளேயே பாதுகாப்பான இடம் இருக்கிறதே" என்ற மறுப்புக்கு அவரிடம் உள்ள பதில் அதுதான்.

வாக்குமூலத்தின் கடைசிப் பகுதி "திரும்பிப் போனால்" என்பது. யார், ஏன், என்ன செய்வார்கள் என்று எதிர்பார்க்கிறீர்கள்? உங்களைப் போன்ற நிலையில் இருந்த மற்றவர்களுக்கு என்ன ஆனது? பலர் இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கேள்வியே இதுதான் என்பதால் இதற்கு நல்ல இடம் கொடுங்கள்.

காசு வாங்கிக்கொண்டு கதை எழுதித் தருபவர்கள் எங்கும் இருக்கிறார்கள். அவர்களிடம் போகாதீர்கள் என்பதை நான் கெஞ்சியே சொல்வேன். ஒரே கதை பல பெயர்களில் வருவதை அதிகாரிகள் கண்டுபிடிக்கிறார்கள். அதைவிட மோசம், அந்தப் பொய்க் கதை உங்களுடைய உண்மைக் கதையையும் சேர்த்துக் கெடுத்துவிடும். பிறகு உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆள் இருக்காது.

முதல் பேச்சும் பிந்தைய பேச்சும்

வந்து இறங்கியதும் எல்லையில் நடக்கும் சின்ன விசாரணையும், பிறகு நிரப்பும் படிவமும், எழுத்து வாக்குமூலமும், பெரிய நேர்காணலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கப்படும். நம் அச்சகக்காரர் விமான நிலையத்தில், நீண்ட பயணத்தின் களைப்பில், போனில் பேசிய மொழிபெயர்ப்பாளர் வழியாக "ஒரு நாள் வைத்திருந்தார்கள்" என்று சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. வாக்குமூலத்தில் இரண்டு இரவு. இதை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று விடக் கூடாது. எல்லா விசாரணையின் எழுத்துப் பதிவையும் கேட்டு வாங்கி, உங்கள் மொழியில் வரிவரியாகப் படிக்கச் செய்து, தவறு இருந்தால் பெரிய நேர்காணலுக்கு முன்பே வழக்கறிஞர் வழியாகக் கடிதம் கொடுங்கள்: எந்த வரி தவறு, சரியானது எது, தவறு எப்படி நேர்ந்தது. நீங்களாக முன்வந்து திருத்தினால் அது திருத்தம். அவர்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகு சொன்னால் சமாளிப்பு போலத் தெரியும்.

நேர்காணலில் வாக்குமூலத்தை மனப்பாடமாக ஒப்பிக்காதீர்கள். அதிகாரி நடுவிலிருந்து கேட்பார், பின்னோக்கிப் போவார், அறையில் சன்னல் இருந்ததா என்றுகூடக் கேட்பார். நினைவில்லை என்றால் "நினைவில்லை", கேள்வி புரியவில்லை என்றால் "புரியவில்லை". மொழிபெயர்ப்பாளரின் பேச்சுவழக்கு உங்களுக்குப் பிடிபடவில்லை என்றால், முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லுங்கள். எல்லாம் முடிந்த பிறகு சொன்னால் பெரும்பாலும் எடுபடாது. பாலியல் வன்முறை நடந்திருந்தால், அதே பாலினத்தைச் சேர்ந்த அதிகாரியையும் மொழிபெயர்ப்பாளரையும் முன்கூட்டியே கேட்கலாம். பெரும்பாலான நாடுகளில் முடிந்தவரை ஏற்பாடு செய்வார்கள். குடும்பத்தார் முன்னால் சொல்ல முடியாததைத் தனியாகச் சொல்லவும் வழி உண்டு. சித்திரவதைக்குப் பிறகு நினைவு துண்டு துண்டாக வருவது இயல்பு. அதை ஒரு மருத்துவரின் அறிக்கை விளக்க முடியும்.

ஆதாரம்

ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் 1979ஆம் ஆண்டுக் கையேடு ஒரு நல்ல விஷயத்தைச் சொல்கிறது: தப்பி ஓடி வருகிறவரிடம் எல்லாவற்றுக்கும் காகிதம் இருக்காது, உண்மையைக் கண்டறியும் கடமை விண்ணப்பதாரர், அதிகாரி இருவருக்கும் உண்டு. சந்தேகத்தின் பலனைத் தரலாம் என்றும் சொல்கிறது. ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு: கிடைக்கக்கூடிய ஆதாரத்தை எல்லாம் நீங்கள் கொடுத்திருக்க வேண்டும், உங்கள் பேச்சு பொதுவாக நம்பும்படி இருக்க வேண்டும். கிடைக்கக்கூடிய ஒரு காகிதத்தை ஏன் கொண்டுவரவில்லை என்பதற்கு நியாயமான பதில் இல்லாவிட்டால் அது உங்களுக்கு எதிராகப் போகும். முயன்றும் கிடைக்கவில்லை என்றால், யாரிடம் எப்போது கேட்டீர்கள் என்பதை எழுதி வையுங்கள். அந்த முயற்சியே ஆதாரம்தான்.

நம்மவர் சேர்த்தது என்ன என்று பார்ப்போம். அடையாளத்துக்குப் பாஸ்போர்ட். அச்சகம் அவருடையதுதான் என்பதற்கு வணிகப் பதிவும் வரி ரசீதும். விடுதலையாகி வந்த மறுநாள் மருந்து கட்டிய கிளினிக்கின் சீட்டு. அதில் தேதி மார்ச் 12, காயத்தின் இடம், கட்டணம் மட்டுமே இருந்தன, எப்படிக் காயம் என்று இல்லை. அதுவும் பரவாயில்லை. தேதி ஒத்துப்போகிறது. புகலிட நாட்டில் ஒரு மருத்துவர் அவருடைய பாதத்தையும் முதுகையும் பார்த்து, ஐ.நா.வின் இஸ்தான்புல் நெறிமுறையைப் பின்பற்றி அறிக்கை எழுதினார். சித்திரவதைத் தடயங்களை எப்படிப் பதிவு செய்வது என்பதற்கான சர்வதேச வழிகாட்டி அது. தழும்பு, சொல்லப்பட்ட காரணத்தோடு எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்று படிப்படியாக அதில் குறிப்பார்கள். பழைய தழும்பு இருந்தால் இப்படி ஓர் அறிக்கைக்கு வழக்கறிஞரிடம் கேளுங்கள், ஏற்பாடு செய்ய நாளாகும் என்பதால் சீக்கிரமே கேளுங்கள்.

மச்சானிடமிருந்து கடிதம் வந்தது. முதலில் வந்தது, "இவர் நல்லவர், உயிருக்கு ஆபத்து, தயவுசெய்து காப்பாற்றுங்கள்" என்று. இதற்குப் பெரிய மதிப்பு இல்லை. இரண்டாவதாக எழுதியது பயன்பட்டது: தான் யார், எந்த நாள் எந்த நிலையத்துக்குப் போனார், யாரிடம் எவ்வளவு கொடுத்தார், வெளியே வந்தபோது அவரால் நடக்க முடிந்ததா. கீழே கையெழுத்து, தேதி, தொடர்பு எண், அடையாள அட்டையின் நகல். சாட்சிக் கடிதம் எழுதுகிறவர் தனக்கு நேரில் தெரிந்ததை மட்டும் தன் வார்த்தையில் எழுத வேண்டும். நீங்கள் எழுதி அனுப்பி அவர் கையெழுத்துப் போட்டால், நான்கு கடிதமும் ஒரே நடையில் வந்து நிற்கும். அதைப் பார்த்ததும் எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழும். கடிதம் வந்த உறையையும் எறிய வேண்டாம். எங்கிருந்து, எப்போது வந்தது என்பதை அஞ்சல் முத்திரை காட்டும். எழுதுவதால் ஊரில் இருப்பவருக்கு ஆபத்து என்றால் எழுதச் சொல்லாதீர்கள். ஏன் கேட்கவில்லை என்பதை வாக்குமூலத்தில் சொல்லுங்கள்.

போனில் உள்ளவை தனி. ஏப்ரல் 2 இரவு மனைவி அனுப்பிய குறுஞ்செய்தி "வராதே, வந்திருக்கிறார்கள்" என்பதுதான் அந்த நிகழ்ச்சிக்கு அவரிடம் இருந்த ஒரே சான்று. எண்ணும் தேதியும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்தார், அதோடு போனிலிருந்த செய்தியையும் அழிக்காமல் வைத்தார். போனை மாற்றும் முன் எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிடுங்கள்.

நாட்டு நிலவரத் தகவல் கடைசிப் பகுதி. எதிர்க்கட்சிக்கு அச்சடித்தவர்கள் கைதானார்கள் என்று ஒரு மனித உரிமை அமைப்போ செய்தித்தாளோ எழுதியிருந்தால், அது அவர் சொல்வது நடக்கக்கூடியதுதான் என்று காட்டும். ecoi.net என்ற தளத்தில் நாடு வாரியாக இப்படிப்பட்ட அறிக்கைகளைத் தேடலாம். நூறு பக்கத்தை அப்படியே கட்டிக் கொடுக்காதீர்கள். உங்கள் நிலைக்குப் பொருந்தும் பத்தியைக் கோடிட்டு, அது வாக்குமூலத்தின் எந்தப் பத்திக்குத் துணை என்று குறித்துக் கொடுங்கள். பிற மொழி ஆவணம் எதுவானாலும் முழு மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் கையொப்பமிட்ட உறுதியும் சேர வேண்டும்.

போலிப் பிடியாணை, விலைக்கு வாங்கிய போலீஸ் கடிதம் இவை வேண்டவே வேண்டாம். நம்மவரிடமும் ஒருவர் "ஒரு வாரன்ட் எடுத்துத் தருகிறேன்" என்றார். வாங்கியிருந்தால், "என்மேல் வழக்கே பதியவில்லை, அதனால்தான் விமான நிலையம் தாண்டினேன்" என்ற அவருடைய உண்மையான பதிலை அந்த ஒரு காகிதமே உடைத்திருக்கும். அதேபோல், ஆவணம் கேட்டு உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குப் போகும் முன்பும், பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் முன்பும் வழக்கறிஞரைக் கேளுங்கள். உங்கள் அரசைக் கண்டு அஞ்சுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு அதனிடமே உதவி கேட்டது ஏன் என்ற கேள்வி வரும்.

நாட்கணக்கு

அனுமதியில்லாமல் நுழைந்த ஒரே காரணத்துக்காக, ஆபத்திலிருந்து நேரடியாக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் சொல்கிறவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு. தாமதம் ஆக ஆக, பயம் உண்மையா என்ற கேள்வி வளரும். அமெரிக்காவில் பொதுவாக வந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேறு நாடுகளில் படிவத்தைத் திருப்பிக் கொடுக்க நாட்கணக்கில்தான் அவகாசம். முகவரி மாறினால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். நேர்காணல் அழைப்பு பழைய முகவரிக்குப் போய், வராதவர் என்று கோரிக்கை மூடப்படுவது அடிக்கடி நடக்கும் விபத்து.

மறுப்பு வந்தால், கடிதம் கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதுங்கள். மேல்முறையீட்டு அவகாசம் சில நாடுகளில் ஒன்றிரண்டு வாரம்தான். பிறகு, நம்பவில்லை என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்தில் உங்கள் வாக்குமூலத்தின் பத்தி எண்ணையும் ஆவணத்தின் எண்ணையும் குறித்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள். உங்கள் வாக்குமூலத்தின் எந்தப் பகுதியை மறுப்புக் கடிதம் மறுக்கவில்லையோ, அந்தப் பகுதியை அவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கலாம். அதையும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மேல்முறையீட்டில் எதற்கு உழைக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது அதிலிருந்துதான் தெரியும்.